அறுபதாயிரம் கார்டுகளும் முந்நூறு கடைகளும்: ஃப்ரெஸ்னோவில் ஒரு வலைப்பின்னல் உருவான கதை

1958 செப்டம்பர் 18 அன்று, கலிஃபோர்னியாவின் உட்பகுதியில் இருக்கும் ஃப்ரெஸ்னோ நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் சுமார் 60,000 பேருக்குத் தபாலில் ஓர் அட்டை வந்து சேர்ந்தது. யாரும் விண்ணப்பிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. பேங்க் ஆஃப் அமெரிக்கா தன் வாடிக்கையாளர்களுக்குத் தானாகவே அனுப்பிய அட்டை அது. அதைக் காட்டி ஊரில் குறிப்பிட்ட கடைகளில் பொருள் வாங்கலாம். கடன் உச்சவரம்பு ஆளைப் பொறுத்து 300 முதல் 500 டாலர் வரை. மாதக் கடைசியில் மொத்தமாகக் கட்டலாம், முடியாவிட்டால் வட்டியோடு தவணையாகவும் கட்டலாம். கார்டின் பெயர் பேங்க்அமெரிகார்டு. பின்னாளில் உலகம் முழுக்க விசா என்று அறியப்பட்டது இதுதான்.

வலைப்பின்னல் விளைவு என்றால் பொதுவாகத் தொலைபேசியைச் சொல்லிவிட்டுக் கடந்துபோவார்கள். ஒருவரிடம் மட்டும் தொலைபேசி இருந்தால் பயனில்லை, எல்லோரிடமும் இருந்தால் பயன் பெருகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த விளக்கத்தில் கடினமான கேள்வி மறைந்துவிடுகிறது. பயனே இல்லாத தொடக்க நாட்களில் முதல் ஆயிரம் பேர் ஏன் சேர வேண்டும்? அவர்களைச் சேர்க்கும் செலவை யார் ஏற்பது? ஃப்ரெஸ்னோவில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்தது. அந்த விடைக்குக் கொடுத்த விலை மிகப் பெரியது. எட்டு ஆண்டுகள் கழித்து அதே கேள்விகள் வேறு வடிவத்தில் திரும்பி வந்தன. அதனால்தான் இந்த நிகழ்வை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டு பக்கமும் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்தது

கார்டு தொலைபேசியைப் போன்றதல்ல. தொலைபேசியில் எல்லோரும் ஒரே வகைப் பயனர்கள், யாரும் யாரையும் அழைக்கலாம். கார்டில் இரண்டு தரப்பு உண்டு. வாங்குபவர் ஒரு பக்கம், கடைக்காரர் மறுபக்கம். என்னிடம் கார்டு இருப்பதால் பக்கத்து வீட்டுக்காரரின் கார்டுக்கு நேரடியாக எந்த மதிப்பும் கூடிவிடாது. நாங்கள் பலர் கார்டு வைத்திருந்தால் ஒரு கடை அதை ஏற்க முன்வரும். அந்தக் கடை வந்த பிறகுதான் என் கார்டுக்கும் அவர் கார்டுக்கும் மதிப்பு கூடுகிறது. ஆகவே பயன் எப்போதும் எதிர்ப் பக்கத்தைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறது. பொருளியலில் இதை இருபக்கச் சந்தை என்கிறார்கள். ரோஷேயும் டிரோலும் 2003-இல் இதற்கு முறையான கோட்பாடு வகுத்தார்கள். ஃப்ரெஸ்னோவில் அந்தச் சிக்கலைக் கோட்பாடு எதுவுமில்லாமல் நேரில் எதிர்கொண்டவர் ஜோசப் வில்லியம்ஸ் என்ற வங்கி அதிகாரி.

1950-களில் பல அமெரிக்க வங்கிகள் கார்டு தொடங்கிப் பார்த்துக் கைவிட்டன. எல்லாம் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டன. கடைக்காரரிடம் போனால், "எத்தனை பேரிடம் கார்டு இருக்கிறது?" என்று கேட்பார். வாடிக்கையாளரிடம் போனால், "எத்தனை கடையில் செல்லும்?" என்று கேட்பார். இரண்டு கேள்விகளுக்கும் நேர்மையான பதில் "இப்போதைக்கு யாருமில்லை" என்பதுதான். நியூயார்க்கில் சேஸ் மன்ஹாட்டன் போன்ற பெரிய வங்கியே 1958-இல் கார்டு தொடங்கி 1962-இல் அந்தத் தொழிலை விற்றுவிட்டு வெளியேறியது.

வில்லியம்ஸ் இந்த முடிச்சை ஒரு பக்கத்திலிருந்து வெட்டினார். வாடிக்கையாளரைச் சேரச் சொல்லிக் கேட்டால் தயங்குவார், எனவே அவரைக் கேட்கவே வேண்டாம். கார்டைக் கையில் கொடுத்துவிட்டால் அவர் பக்கம் ஒரே நாளில் நிரம்பிவிடும். அதன் பிறகு கடைக்காரரிடம் எண்ணிக்கையோடு பேசலாம்.

ஏன் ஃப்ரெஸ்னோ?

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஊரைத் தேர்ந்த விதம்தான். ஃப்ரெஸ்னோ வட்டாரத்தின் மக்கள்தொகை அப்போது சுமார் 2,50,000. அங்கிருந்த குடும்பங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேங்க் ஆஃப் அமெரிக்காவில் கணக்கு வைத்திருந்தன. சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் இரண்டிலிருந்தும் தள்ளியிருந்த ஊர் என்பதால், திட்டம் தோற்றுப்போனாலும் வங்கியின் பெயருக்குப் பெரிய களங்கம் வராது. இதெல்லாம் வங்கி சொன்ன காரணங்கள். ஆனால் வலைப்பின்னலின் கண்ணோட்டத்தில் வேறொரு காரணம் இவற்றைவிட வலுவானது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாள் ஒன்றுக்கு 100 வாடிக்கையாளர் வரும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். 60,000 கார்டுகளைச் சுமார் ஒன்றரைக் கோடி மக்கள் வாழ்ந்த கலிஃபோர்னியா முழுக்கப் பரப்பியிருந்தால் 250 பேரில் ஒருவரிடம்தான் கார்டு இருந்திருக்கும். அந்தக் கடைக்கு ஐந்து நாளில் இரண்டு பேர் கார்டோடு வந்திருப்பார்கள். அந்த இரண்டு பேருக்காக எந்தக் கடைக்காரரும் புதிய இயந்திரம் வைத்து, ஊழியருக்குப் பழக்கி, வங்கிக்குத் தரகு கொடுக்கப் போவதில்லை. அதே 60,000 கார்டுகளை ஃப்ரெஸ்னோவில் மட்டும் கொடுத்தால் ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவரிடம் கார்டு இருக்கும். அதே கடைக்கு ஒரே நாளில் 24 பேர் கார்டோடு வருவார்கள். கார்டின் மொத்த எண்ணிக்கையில் மாற்றமே இல்லை. கடைக்காரருக்குக் கிடைக்கும் பயன் மட்டும் அறுபது மடங்கு வேறுபடுகிறது.

பயனர் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப வலைப்பின்னலின் மதிப்பு உயரும் என்று மெட்காஃப் விதி என்ற பெயரில் அடிக்கடி சொல்கிறார்கள். இந்தக் கணக்கு அதோடு பொருந்தவில்லை. யாரும் ஊரிலுள்ள எல்லோரோடும் வியாபாரம் செய்வதில்லை. நான் வழக்கமாகப் போகும் பத்துப் பதினைந்து கடைகளில் எத்தனை கடை என் கார்டை ஏற்கும் என்பதுதான் எனக்கு அதன் மதிப்பு. தொலைவிலுள்ள ஊரில் லட்சம் பேர் சேர்ந்தாலும் அந்த மதிப்பு துளியும் நகராது. வலைப்பின்னலின் அளவைவிட அதன் அடர்த்திதான் தொடக்கத்தில் தீர்மானிக்கிறது. அடுப்பில் விறகைத் தள்ளித் தள்ளி வைத்தால் தீ பிடிக்காது, நெருக்கி வைத்தால் சில குச்சிகளே போதும்.

இன்னொரு வாய்ப்பும் இந்த வங்கிக்குத்தான் இருந்தது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒரு வங்கி பல ஊர்களில் கிளை வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. கலிஃபோர்னியா மாநிலம் முழுக்கக் கிளைகளை அனுமதித்தது. அதனால் வாங்குபவரின் கணக்கும் கடைக்காரரின் கணக்கும் பல நேரங்களில் ஒரே வங்கியில் இருந்தன. பணம் ஒரு பேரேட்டிலிருந்து அதே பேரேட்டின் இன்னொரு பக்கத்துக்குப் போனால் போதும். இந்த வசதி எவ்வளவு பெரியது என்பது அது இல்லாமல் போன பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

கடைக்காரர் போட்ட கணக்கு

தபாலில் கார்டு போன நாளன்று ஃப்ரெஸ்னோவில் 300-க்கும் மேற்பட்ட கடைகள் சேர்ந்திருந்தன. சியர்ஸ் போன்ற பெரிய கடைகளை வங்கி குறிவைக்கவில்லை. அவர்களிடம் சொந்தக் கடன் திட்டம் இருந்தது. வாடிக்கையாளரைத் தங்களோடு கட்டிவைக்கும் அந்தத் திட்டத்தை அவர்கள் ஏன் விட்டுக்கொடுக்கப் போகிறார்கள்? வங்கி தேடிப் போனது சிறு கடைகளை. மருந்துக் கடை, செருப்புக் கடை, துணிக் கடை இப்படி.

சிறு கடைக்காரருக்குக் கடன் கொடுப்பது பிடித்தமான வேலையல்ல. ஆனால் கொடுக்காமல் இருக்க முடியாது. கணக்கு எழுத ஆள், மாதாமாதம் பில் அனுப்பத் தபால் செலவு, வசூலுக்கு அலைச்சல், வராமலே போகும் பாக்கி, பணம் வரும்வரை முடங்கிக் கிடக்கும் முதல். இவ்வளவையும் வங்கி எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. அதற்குக் கேட்ட விலை, விற்பனைத் தொகையில் 6 சதவீதம் வரை.

வேலை நடக்கும் விதம் எளிது. பெயரும் எண்ணும் புடைப்பாகப் பொறித்த கார்டை ஒரு சின்ன உலோகத் தட்டில் வைப்பார்கள். அதன்மேல் கார்பன் தாளோடு கூடிய விற்பனைச் சீட்டை வைத்து உருளையை ஒரு தரம் இழுத்தால் கார்டின் எழுத்துகள் சீட்டின் எல்லாப் பிரதிகளிலும் பதியும். வாடிக்கையாளர் கையெழுத்திடுவார். ஒரு பிரதி அவருக்கு, ஒன்று கடைக்கு, ஒன்று வங்கிக்கு. கடைக்காரர் அன்றைய சீட்டுகளைக் கட்டி வங்கிக் கிளையில் பணம் கட்டுவது போலவே கொடுப்பார். தரகு போக மீதி அவர் கணக்கில் ஏறிவிடும். அதற்குப் பிறகு வாடிக்கையாளர் கடனைக் கட்டுகிறாரா இல்லையா என்பது கடைக்காரரின் கவலையல்ல.

6 சதவீதம் கட்டுப்படியாகுமா என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ஒரு ஜோடி செருப்பு 20 டாலர், அதன் கொள்முதல் விலை 12 டாலர் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 8 டாலர், தரகு 1 டாலர் 20 சென்ட். ரொக்கம் கொடுத்தே வாங்கியிருக்கக்கூடியவர் கார்டைக் காட்டினால் அந்த 1.20 நஷ்டம். கார்டு இல்லாவிட்டால் வேறு கடைக்குப் போயிருக்கக்கூடியவர் இங்கே வாங்கினால் 6.80 லாபம். அப்படியானால் ஆறு கார்டு விற்பனைகளில் ஒன்று புதிதாக வந்ததாக இருந்தால் போதும், மற்ற ஐந்தில் போன 6 டாலரை அது ஈடுகட்டிவிடும். நான்கில் ஒருவரிடம் கார்டு இருக்கும் ஊரில் இது நடக்கக்கூடிய காரியம்தான். முதலில் சேர்ந்த கடைக்காரர்கள் புத்திசாலித்தனமாகவே நடந்துகொண்டார்கள்.

ஆனால் இதே கணக்கில் ஒரு முள்ளும் இருக்கிறது. அந்தப் "புதிய" வாடிக்கையாளர் எங்கிருந்து வந்தார்? பெரும்பாலும் எதிர்க்கடையிலிருந்து. எதிர்க்கடையும் கார்டு இயந்திரம் வைத்துவிட்டால் அவர் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார். தெருவிலுள்ள எல்லாக் கடைகளும் சேர்ந்த பிறகு ஆறில் ஒன்று என்ற புது விற்பனை மறைந்துவிடும், தரகு மட்டும் எல்லாருக்கும் நிலைத்துவிடும். அப்போது தனியாக ஒருவர் விலகினால் வாடிக்கையாளரை இழப்பார், எனவே விலகவும் முடியாது. வாங்குபவருக்கு வலைப்பின்னல் வளர வளர வசதி கூடிக்கொண்டே போகிறது. கடைக்காரருக்கோ தொடக்கத்தில் ஆதாயமாக இருந்தது நாளடைவில் கட்டாயமாக மாறுகிறது. கார்டுத் தரகு பற்றி இன்றுவரை உலகெங்கும் வியாபாரிகளும் கார்டு நிறுவனங்களும் வழக்காடிக்கொண்டிருப்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது. "பயனர் கூடினால் எல்லாருக்கும் மதிப்பு கூடும்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுபவர்கள் இந்தச் செருப்புக் கடைக்காரரை மறந்துவிடுகிறார்கள்.

வேகம் கூடியது, கடன் திரும்பவில்லை

ஃப்ரெஸ்னோவின் முடிவுகள் முழுதாகத் தெரியும்வரை வங்கி காத்திருக்கவில்லை. போட்டி வங்கி ஒன்று கார்டு கொண்டுவரப் போகிறது என்ற பேச்சு காதில் விழுந்ததும் அடுத்தடுத்த ஊர்களுக்குக் கார்டுகள் பறந்தன. இருபக்கச் சந்தையில் இப்படி அவசரப்படுவதற்கு நியாயம் உண்டு. ஓர் ஊரின் கடைக்காரர்கள் ஒரு கார்டுக்குப் பழகிவிட்டால், இரண்டாவதாக வருபவர் அதே முட்டுச்சந்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1959 இறுதிக்குள் கலிஃபோர்னியா முழுக்க ஏறத்தாழ 20 லட்சம் கார்டுகளும் 20,000 கடைகளும் இருந்தன.

வலைப்பின்னல் என்ற அளவில் இது பெரும் வெற்றி. கடன் தொழில் என்ற அளவில் பேரழிவு. 4 சதவீதக் கணக்குகள்தான் பாக்கி விழும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். விழுந்தது 22 சதவீதம். வசூலிப்பதற்கென்று போதுமான ஏற்பாடே செய்திருக்கவில்லை. தபாலிலிருந்து கார்டுகள் திருடப்பட்டன. குறிப்பிட்ட தொகைக்குக் கீழே வாங்கினால் கடை வங்கிக்குத் தொலைபேசியில் கேட்கத் தேவையில்லை என்ற விதியைத் தெரிந்துகொண்ட திருடர்கள், அந்தத் தொகைக்குச் சற்றுக் கீழாகவே கடை கடையாக வாங்கிக் குவித்தார்கள். முதல் 15 மாதங்களில் அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்ட நஷ்டம் 88 லட்சம் டாலர். விளம்பரமும் நிர்வாகச் செலவும் சேர்த்தால் அது 2 கோடி டாலரை நெருங்கியது. வில்லியம்ஸ் 1959 டிசம்பரில் வங்கியை விட்டு விலகினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நஷ்டம் குவிந்துகொண்டிருந்தபோது வலைப்பின்னலின் வளர்ச்சியில் எந்தத் தடுமாற்றமும் தெரியவில்லை. காரணம் எளிமையானது. கடைக்காரருக்கு நாணயமானவரின் சீட்டும் ஏமாற்றுபவரின் சீட்டும் ஒன்றுதான். இரண்டுக்கும் வங்கி பணம் கொடுத்துவிடும். சொல்லப்போனால் ஏமாற்ற நினைப்பவர்தான் அதிகமாக வாங்குவார். எனவே கடைப் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் நன்றாகவே தோன்றும். கார்டு எண்ணிக்கை, கடை எண்ணிக்கை, விற்பனைத் தொகை மூன்றும் ஏறிக்கொண்டே இருக்கும். நோய் தெரியும் இடம் வேறு. ஒவ்வொரு மாதமும் கொடுத்த கார்டுகளைத் தனித்தனிக் குழுவாகப் பிரித்து, அந்தக் குழு ஆறு மாதத்துக்குப் பிறகு எவ்வளவு வாங்குகிறது, எவ்வளவு திருப்பிக் கட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பழைய குழுவினர் புதிய கடைகள் சேரச் சேர மேலும் வாங்கி ஒழுங்காகக் கட்டினால் வலைப்பின்னல் விளைவு உண்மையாகவே வேலை செய்கிறது. புதிய குழுக்கள் வந்துகொண்டிருப்பதால் மட்டும் மொத்தம் ஏறினால் அது தபால் செலவால் வாங்கிய வளர்ச்சி. இன்று ஒரு செயலியையோ இணையச் சந்தையையோ மதிப்பிடுபவர்களும் இந்தப் பிரிவினையைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

பேங்க் ஆஃப் அமெரிக்கா கார்டைக் கைவிடவில்லை. மோசமான கணக்குகளை மூடி, வசூலை ஒழுங்குபடுத்தி, தாங்கிக்கொண்டது. எஞ்சிய கார்டுகள் நல்ல கார்டுகள், கடைகளோ ஏற்கெனவே உள்ளே இருந்தன. 1961-இல் திட்டம் லாபத்துக்குத் திரும்பியது. வங்கி அதை வெளியே சொல்லவில்லை. கார்டு தொழில் நஷ்டம் என்று போட்டியாளர்கள் நம்பிக்கொண்டிருந்தது அதற்கு வசதியாக இருந்தது.

இரண்டாவது முட்டுச்சந்து

1966-இல் நிலைமை மாறியது. லாபம் எவ்வளவு நாள் மறைந்திருக்கும்? மற்ற வங்கிகளும் இறங்கத் தொடங்கின. அந்த ஆண்டில் பல வங்கிகள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்புதான் பின்னாளில் மாஸ்டர்கார்டு ஆனது. சிகாகோவில் வங்கிகள் போட்டிபோட்டுக்கொண்டு தபாலில் லட்சக்கணக்கான கார்டுகளை இறைத்து, ஃப்ரெஸ்னோவின் கசப்பை இன்னும் பெரிய அளவில் அனுபவித்தன. கேட்காதவருக்குக் கடன் அட்டை அனுப்புவதை அமெரிக்கச் சட்டம் 1970-இல் தடைசெய்தது.

பேங்க் ஆஃப் அமெரிக்கா வேறு மாநிலங்களில் கிளை வைக்க முடியாது. ஆகவே 1966 முதல் தன் கார்டின் பெயரையும் முறையையும் மற்ற மாநில வங்கிகளுக்கு உரிமம் கொடுத்து விரிவாக்கத் தொடங்கியது. கார்டு நாடு முழுக்கச் செல்லும் என்றால் வாங்குபவருக்கும் கடைக்காரருக்கும் நல்லதுதான். ஆனால் ஒரே பேரேட்டின் வசதி இப்போது போய்விட்டது. கார்டு கொடுத்த வங்கி ஒன்று, கடையின் வங்கி வேறொன்று. நடுவில் பணமும் சீட்டும் பயணம் செய்ய வேண்டும்.

ஒரு கலிஃபோர்னியக் கார்டுக்காரர் சியாட்டிலில் 100 டாலருக்குப் பொருள் வாங்குகிறார் என்று கொள்வோம். சியாட்டில் வங்கி தன் கடைக்காரரிடம் தரகைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறது. உரிம விதிப்படி அந்தத் தரகு கார்டு கொடுத்த வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். கடையைத் தேடிப் பிடித்தது சியாட்டில் வங்கி, சீட்டைக் கையாண்டது சியாட்டில் வங்கி, அதற்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஒவ்வொரு கடைக்கும் தரகு விகிதம் வேறு வேறு, அதைச் சரிபார்க்கவும் வழியில்லை. விளைவை ஊகிப்பது கடினமல்ல. வாங்கிய தரகைக் குறைத்துக் காட்டும் பழக்கம் வங்கிகளிடையே பரவியது. சீட்டு விஷயம் இன்னும் மோசம். கடையின் வங்கி பணத்தை உடனே மற்ற வங்கியிடமிருந்து பெற்றுக்கொண்டுவிடும், சீட்டைப் பிறகு அனுப்பலாம். பணம் வந்த பிறகு சீட்டை அனுப்ப என்ன அவசரம்? வங்கிகளின் பின்னறைகளில் சீட்டுக் கட்டுகள் குவிந்து கிடந்தன. சீட்டு வராமல் கார்டு கொடுத்த வங்கி வாடிக்கையாளருக்குப் பில் போட முடியாது, ஏற்கெனவே கொடுத்த பணத்துக்கு வட்டியும் போய்க்கொண்டிருந்தது.

1968-இல் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் உரிமம் பெற்ற வங்கிகள் கூடியபோது கூட்டம் சண்டையாக மாறியது. சியாட்டிலில் இருந்த நேஷனல் பேங்க் ஆஃப் காமர்ஸைச் சேர்ந்த டீ ஹாக், உடனடித் தீர்வு தேடுவதை விட்டுவிட்டு அமைப்பின் குறையை ஆராய ஒரு குழு அமைக்கலாம் என்றார். அந்தக் குழு வந்து சேர்ந்த முடிவு துணிச்சலானது. சிக்கல் சீட்டில் இல்லை, உரிமையில் இருக்கிறது. போட்டி வங்கியின் பெயர் தாங்கிய கார்டுக்காக எந்த வங்கியும் முழுமனதோடு உழைக்காது. ஆகவே வலைப்பின்னல் எந்த ஒரு வங்கிக்கும் சொந்தமாக இருக்கக்கூடாது.

1970-இல் நேஷனல் பேங்க்அமெரிகார்டு என்ற புதிய நிறுவனம் உருவானது. அது உறுப்பு வங்கிகளுக்கு மட்டுமே சொந்தம். பேங்க் ஆஃப் அமெரிக்கா தான் உருவாக்கிய கார்டின் உரிமையை விட்டுக்கொடுத்து உறுப்பினர்களில் ஒன்றாக உள்ளே வந்தது. வங்கிகளுக்கு இடையே எந்தப் பரிவர்த்தனைக்கு யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது எல்லாருக்கும் பொதுவான ஒரே விகிதமானது, குறைத்துக் காட்டுவதால் வரும் ஆதாயம் ஒழிந்தது. 1973-இல் கணினி வழி அனுமதி முறை வந்து, கடையில் பல நிமிடம் காத்திருந்த வேலை ஒரு நிமிடத்துக்குள் முடியத் தொடங்கியது. 1976-இல் கார்டுக்கு விசா என்ற பெயர் வந்தது.

பேங்க் ஆஃப் அமெரிக்கா பெருந்தன்மையால் விட்டுக்கொடுத்தது என்று நான் நினைக்கவில்லை. தன் கார்டை ஏற்கும் கடை நாடெங்கும் பெருகினால் தன் வாடிக்கையாளர்களின் கார்டு மதிப்பும் கூடும். தனக்கே சொந்தமான சிறிய வலைப்பின்னலைவிட, பங்கு மட்டுமே உள்ள பெரிய வலைப்பின்னல் அதற்கு அதிக ஆதாயம் என்ற கணக்குதான் அது. கணக்கு சரியாகவே இருந்தது.

நம் ஊர்க் கடையின் க்யூஆர் அட்டை

இந்தியாவின் யுபிஐ இந்தக் கதையின் இரண்டாம் பாதியிலிருந்து நேராகத் தொடங்கியது. ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் முன்னின்று அமைத்த தேசியக் கொடுப்பனவுக் கழகம் வங்கிகளுக்குப் பொதுவான அமைப்பு. 2016-இல் அது யுபிஐயைக் கொண்டுவந்தபோது "எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் எந்த வங்கிக் கணக்குக்கும்" என்பது தொடக்க விதியாகவே இருந்தது. டீ ஹாக் காலத்துச் சண்டையின் சாயல் அப்போதும் எழுந்தது. 2017 ஜனவரியில் ஐசிஐசிஐ வங்கி ஃபோன்பே வழியாக வந்த பரிவர்த்தனைகளைத் தடுத்தது, பிறகு கழகம் தலையிட்டு வழி திறந்தது.

கடைப் பக்கத்துச் செலவும் ஏறத்தாழ மறைந்துவிட்டது. கார்டு இயந்திரம் வேண்டாம், அச்சிட்ட ஒரு சதுரம் போதும். 2020 ஜனவரி முதல் யுபிஐயில் வணிகர் தரகு பூஜ்யம். செருப்புக் கடைக்காரரின் முள் இங்கே அகற்றப்பட்டது. ஆனால் பரிவர்த்தனையை நடத்தும் செலவு மறைந்துவிடவில்லை. வங்கிகளும் செயலி நிறுவனங்களும் அதைச் சுமக்கின்றன, ஒரு பகுதியை மத்திய அரசு ஊக்கத்தொகையாகத் தருகிறது. வங்கி கொடுத்த தபால் செலவும் வாராக்கடனும் வகித்த இடத்தை இங்கே வரிப்பணம் எடுத்துக்கொண்டிருக்கிறது. இது எவ்வளவு காலம் தாங்கும் என்ற விவாதம் கொடுப்பனவுத் துறைக்குள் தொடர்ந்து நடக்கிறது.

யுபிஐயில் இன்னொரு விஷயம் ஃப்ரெஸ்னோவோடு ஒப்பிடும்போதுதான் தெளிவாகிறது. கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை எந்த நிறுவனம் கொடுத்ததாக இருந்தாலும், எந்த யுபிஐ செயலியாலும் அதற்குப் பணம் அனுப்பலாம். ஆகவே என் செயலியை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதால் பணம் அனுப்பும் என் வசதி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. வலைப்பின்னல் விளைவு யுபிஐ என்ற பொதுத் தளத்தில் இருக்கிறது, செயலியில் இல்லை. வாட்ஸ்அப் இதற்கு நல்ல சாட்சி. செய்தி அனுப்புவதில் கோடிக்கணக்கான இந்தியர்கள் ஏற்கெனவே அதற்குள் இருந்தார்கள். ஆனாலும் யுபிஐ பரிவர்த்தனைகளில் அதன் பங்கு மிகச் சிறியதாகவே இருந்து வந்திருக்கிறது. பல ஆண்டுகள் அதற்குப் பயனர் உச்சவரம்பு இருந்தது ஒரு காரணம். மற்றொன்று, கடையோடு தொடர்புகொள்ள யாருக்கும் அதன் பயனர் கூட்டம் தேவைப்படவில்லை.

அப்படியிருந்தும் ஃபோன்பே, கூகுள் பே இரண்டின் வழியாக மட்டும் யுபிஐ பரிவர்த்தனைகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நடந்து வந்திருக்கிறது. இதை வலைப்பின்னல் விளைவு என்று சொல்வது பிழை. முதலில் வந்தது, பெரும் பணம் கொட்டிப் பரிசுச் சலுகை கொடுத்தது, கடை கடையாக ஆள் அனுப்பி ஒலிப்பெட்டி வைத்தது, கை பழகியது ஆகியவைதான் அதன் காரணங்கள். பிரித்துப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் மருந்தும் வேறு. வலைப்பின்னல் விளைவால் எழுந்த ஆதிக்கத்தைப் பொதுத்தளம் அமைத்துத் தளர்த்தலாம், கொலம்பஸ் கூட்டத்துக்குப் பிறகு நடந்தது அதுதான். பொதுத்தளம் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் அந்த மருந்து முன்னமே தீர்ந்துவிட்டது. அதனால் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2020 நவம்பரில் வேறு வழியைத் தேர்ந்தது: எந்தச் செயலியும் மொத்தப் பரிவர்த்தனை எண்ணிக்கையில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு விதித்தது. பழகிய செயலியைக் கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது அவர்களை எப்படித் தடுப்பது என்பதற்கு நடைமுறை வழி கிடைக்கவில்லை. அந்த வரம்பை நிறைவேற்றுவதற்கான கெடு 2026 டிசம்பர் 31 வரை தள்ளிவைக்கப்பட்டது.